மைனஸ் இரண்டும் மைனஸ் மூன்றேகாலும்: கண்ணாடிச் சீட்டைப் படிப்பது எப்படி?

அக்கா அனுப்பிய இரண்டு படங்களும் கண்ணாடிப் பவர் எழுதிய சீட்டுகள். ஓர் இடத்தில் கண்ணைச் சோதித்திருக்கிறாள். சந்தேகம் தீராமல் நான்கு நாள் கழித்து வேறோர் இடத்திலும் சோதித்திருக்கிறாள். படங்களைத் திறப்பதற்குள் போன் வந்துவிட்டது. “நாலு நாளில் வலது கண் பவர் ஒன்றேகால் கூடிப்போச்சுடா. எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

சீட்டுகள் இவைதான்:

```
சீட்டு 1
      SPH     CYL     AXIS
OD   -2.00   -1.25    180
OS   -1.75   -0.50    170

சீட்டு 2
      SPH     CYL     AXIS
OD   -3.25   +1.25    090
OS   -2.25   +0.50    080
```

முதல் சீட்டில் வலது கண்ணுக்கு மைனஸ் இரண்டு, இரண்டாவதில் மைனஸ் மூன்றேகால். போதாக்குறைக்கு, மைனஸாக இருந்த நடு எண் பிளஸாகிவிட்டது. 180 என்றிருந்தது 90 ஆகிவிட்டது. பார்த்ததும் அக்கா பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் இரண்டு சீட்டும் சொல்வது ஒரே கண்ணாடியை. ஒன்றை வைத்துச் செய்த லென்ஸையும் மற்றதை வைத்துச் செய்த லென்ஸையும் கருவியில் வைத்து அளந்தால் வித்தியாசம் தெரியாது. அது எப்படி என்று புரிந்துவிட்டால், சீட்டில் உள்ள மூன்று எண்களும் புரிந்துவிடும்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுவோம். ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது கண். இரண்டும் லத்தீன் சொற்களின் முதல் எழுத்துகள். சில சீட்டுகளில் அவற்றுக்குப் பதிலாக ஆர், எல் என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். எண்கள் எல்லாம் கால் கால் படியாக ஏறி இறங்கும்: கால், அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால். அதனால் 1.25 என்பதை ஒன்றேகால் என்றும் 3.25 என்பதை மூன்றேகால் என்றும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், குழப்பம் பாதி குறையும். அவசரத்தில் சிலர் புள்ளியை விட்டுவிட்டு -125 என்று எழுதுவார்கள், அதுவும் ஒன்றேகால்தான். எண்ணுக்கு முன்னால் உள்ள பிளஸ், மைனஸ் குறியை மட்டும் ஒருபோதும் விட்டுவிட்டுப் படிக்கக் கூடாது. குறி மாறினால் அது வேறு லென்ஸ்.

முதல் எண் ஸ்பியர். இது லென்ஸின் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருக்கும் பவர். தூரப் பார்வை மங்கியவர்களுக்கு மைனஸ், அதற்கு நேர்மாறான குறை உள்ளவர்களுக்குப் பிளஸ். இதன் அலகு டயாப்டர். அந்தப் பெயரை 1872இல் முன்மொழிந்தவர் மோனொயே என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர். பெயர் மிரட்டினாலும் கணக்கு எளிது. ஒரு மீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு தூரம் கிடைக்கும். மைனஸ் 2 என்றால் 100 சென்டிமீட்டரை 2ஆல் வகுக்க 50 சென்டிமீட்டர். சிலிண்டர் இல்லாத மைனஸ் 2 கண்ணுக்கு, கண்ணாடி போடாதபோது ஏறத்தாழ அரை மீட்டர் வரைதான் தெளிவு, அதைத் தாண்டினால் மங்கல். மைனஸ் 4 என்றால் 25 சென்டிமீட்டர். மைனஸ் பவர் உள்ளவர்கள் ஒரு புத்தகத்தைக் கண்ணருகே வைத்து மெல்லத் தள்ளிக்கொண்டே போய், எழுத்து கலையத் தொடங்கும் இடத்தை அளந்து பார்த்தால் தங்கள் எண் கிட்டத்தட்ட அங்கேயே கிடைக்கும். பிளஸ் பவருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

எல்லாக் கண்ணும் சீரான உருண்டையாக இருந்தால் இந்த ஒரு எண்ணே போதும். பல கண்கள் அப்படி இருப்பதில்லை. கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும் பகுதியைக் கருவிழிப்படலம் என்பார்கள். அது பந்தின் மேற்பரப்பு போல எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருந்தால் சரி. ஒரு கரண்டியின் முதுகைத் தடவிப் பாருங்கள். குறுக்கே விரலை ஓட்டினால் வளைவு அதிகம், நீளவாக்கில் ஓட்டினால் குறைவு. சில கருவிழிப்படலங்கள் இப்படித்தான், மிக மெல்லிய அளவில், ஒரு திசையில் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கும். அந்தத் திசையில் ஒளி அதிகமாக மடங்கும், அதற்குக் குறுக்கான திசையில் குறைவாக மடங்கும். இதற்குப் பெயர் சிதறல் பார்வை, ஆஸ்டிக்மாட்டிசம். இந்தக் கண்ணுக்கு ஒரு திசையில் ஒரு பவரும், அதற்குச் செங்குத்தான திசையில் இன்னொரு பவரும் வேண்டும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சீட்டின் இரண்டாவது எண், சிலிண்டர்.

ஏன் சிலிண்டர் என்று பெயர்? உள்ளே குடைவில்லாத, உருளையான ஒரு கண்ணாடித் தண்டை நிற்கவைத்து, அதன் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு துண்டைச் சீவி எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டு குறுக்கே வளைந்திருக்கும், மேலிருந்து கீழே நேராக இருக்கும். வளைந்த திசையில் பவர் உண்டு, நேரான திசையில் பவரே கிடையாது. ஒரு திசைக்கு மட்டும் பவர் கொடுக்க இதைவிட நல்ல வடிவம் இல்லை. இதைத் தன் கண்ணுக்கே செய்து பார்த்தவர் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கில வானியலாளர். தன் இடது கண்ணின் சிதறல் பார்வையைத் தானே அளந்து, 1825இல் ஒரு லென்ஸை வடிவமைத்தார். அதன் ஒரு முகம் உருண்டை வளைவு, மறுமுகம் சிலிண்டர் வளைவு. இன்றைய சீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் நிற்கும் ஸ்பியரும் சிலிண்டரும் அவர் லென்ஸில் இரண்டு முகங்களாக இருந்தன. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த லென்ஸ்தான் ஞாபகம் வரும்.

மூன்றாவது எண் ஆக்சிஸ், தமிழில் அச்சு. சிலிண்டரை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்பதை இது சொல்கிறது. இதற்கு அளவு கிடையாது, திசை மட்டும்தான். ‘போன வருஷம் 170 இருந்தது, இப்போது 180 ஆகிவிட்டது, கூடிவிட்டது’ என்று வருத்தப்பட இதில் ஒன்றுமே இல்லை. பள்ளியில் பயன்படுத்திய பாகைமானியை நினைத்துக்கொண்டால் போதும். கண்ணாடி போட்டவரின் முகத்துக்கு நேரெதிரே நாம் நின்று, அந்தப் பாகைமானியை அவர் கண்ணின் மேல் வைத்துப் பார்ப்பதாகக் கொள்ளுங்கள். நம் வலப்பக்கம் 0, உச்சியில் 90, இடப்பக்கம் 180. இரண்டு கண்ணுக்கும் இதே பாகைமானிதான், மூக்குக்கு அந்தப் பக்கம் போனதும் திருப்பிப் போடுவதில்லை. கிடைக்கோட்டை 0 என்று எழுதாமல் 180 என்று எழுதுவது வழக்கம். 180க்கு மேல் எண் வராது, ஏனென்றால் கோடு அதன்பின் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதனால் 175க்கும் 5க்கும் இடையே உள்ள தூரம் 170 பாகை அல்ல, வெறும் 10 பாகை. சிலர் பாகைக் குறி போடாமல் 005, 090 என்று மூன்று இலக்கமாக எழுதுவார்கள். 5க்குப் பக்கத்தில் போட்ட சின்ன வட்டத்தைப் பூச்சியம் என்று நினைத்து யாராவது 50 ஆக்கிவிடக் கூடாதே என்பதற்காக.

இங்கேதான் எல்லோரும் ஒருமுறையாவது தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். அச்சு என்பது சிலிண்டரின் பவர் வேலை செய்யும் திசை அல்ல. வேலை செய்யாத திசை. நிற்கவைத்த தண்டின் துண்டுக்கு அச்சு 90, அந்தத் திசையில் அது நேராக இருக்கிறது. அதன் பவர் முழுவதும் குறுக்கே, 180இல் கிடக்கிறது. ஆக, அச்சு எழுதியிருக்கும் திசையில் ஸ்பியர் மட்டும். அதற்குச் செங்குத்தான திசையில் ஸ்பியரும் சிலிண்டரும் சேர்ந்து.

இப்போது அக்காவின் வலது கண்ணை எடுப்போம். முதல் சீட்டில் ஸ்பியர் மைனஸ் 2, சிலிண்டர் மைனஸ் ஒன்றேகால், அச்சு 180. ஒரு தாளில் பெரிய கூட்டல் குறி போட்டு, கிடைக்கோட்டுக்கு 180 என்றும் நிமிர்ந்த கோட்டுக்கு 90 என்றும் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

```
சீட்டு 1
180 திசையில்: -2.00
 90 திசையில்: -2.00 + (-1.25) = -3.25

சீட்டு 2
 90 திசையில்: -3.25
180 திசையில்: -3.25 + (+1.25) = -2.00
```

இரண்டாவது சீட்டின் அச்சு 90. அதனால் 90 திசையில் ஸ்பியர் மட்டும், மைனஸ் மூன்றேகால். 180 திசையில் அதோடு பிளஸ் ஒன்றேகாலைச் சேர்த்தால் மைனஸ் 2. இரண்டு சீட்டிலிருந்தும் ஒரே கூட்டல் குறிதான் வருகிறது: படுக்கையாக மைனஸ் 2, நெடுக்கையாக மைனஸ் மூன்றேகால். முதல் சீட்டை எழுதியவர் படுக்கைத் திசையிலிருந்து தொடங்கி, மறுதிசைக்கு எவ்வளவு கூடுதல் மைனஸ் வேண்டும் என்று சொன்னார். இரண்டாமவர் நெடுக்கைத் திசையிலிருந்து தொடங்கி, மறுதிசையில் எவ்வளவு மைனஸைக் குறைக்க வேண்டும் என்று சொன்னார். அக்காவின் கண் நான்கு நாளில் மாறவில்லை, எழுதும் முறைதான் மாறியிருக்கிறது. சில கண் மருத்துவர்கள் பிளஸ் சிலிண்டரில் எழுதுவார்கள், லென்ஸ் செய்யும் இடங்களில் பெரும்பாலும் மைனஸ் சிலிண்டரில் எழுதுவார்கள். இரண்டுமே சரியான முறைகள்தான்.

ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மூன்று வேலை செய்ய வேண்டும். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புது ஸ்பியர். சிலிண்டரின் எண்ணை அப்படியே வைத்து, குறியை மட்டும் மாற்ற வேண்டும். அச்சை 90 பாகை திருப்ப வேண்டும்: 90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 90ஐக் கூட்டுங்கள், மேலே இருந்தால் கழியுங்கள். இடது கண்ணுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். மைனஸ் ஒன்றேமுக்காலோடு மைனஸ் அரை சேர்ந்தால் மைனஸ் இரண்டேகால். சிலிண்டர் பிளஸ் அரை. 170இல் 90 போனால் 80. இரண்டாவது சீட்டின் இரண்டாவது வரி அப்படியே வந்துவிட்டது.

இந்த மூன்று வேலையையும் சேர்த்தே செய்ய வேண்டும். இரண்டைச் செய்து ஒன்றை மறந்தால் லென்ஸ் கெட்டுவிடும். நான் லென்ஸ் பொருத்தும் வேலையில் இருந்தபோது ஒரு தடவை நானே இதைச் செய்தேன். அக்காவின் எண்ணை வைத்தே அதைக் காட்டுகிறேன். இரண்டாவது சீட்டை மைனஸ் சிலிண்டராக மாற்றுகிறோம். ஸ்பியர் மைனஸ் 2 என்று சரியாக வந்தது, சிலிண்டர் மைனஸ் ஒன்றேகால் ஆனது. அச்சைத் திருப்ப மறந்து 90 என்றே விட்டுவிட்டோம். இப்போது லென்ஸின் 90 திசையில் மைனஸ் 2, 180 திசையில் மைனஸ் மூன்றேகால். கண்ணுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். நெடுக்கைத் திசையில் ஒன்றேகால் மைனஸ் குறைகிறது, படுக்கைத் திசையில் ஒன்றேகால் கூடிவிட்டது. இருந்த சிதறல் தீராமல், ஒன்றேகால் என்பது இரண்டரை ஆகிவிடும். அந்தக் கண்ணாடியைப் போட்டவர் திரும்பி வந்து, ‘போடாமல் இருந்தாலே தேவலாம் போலிருக்கிறது’ என்றார். அந்தப் பேச்சு வந்தால் அச்சில்தான் முதலில் கைவைக்க வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

முழுதாகத் திருப்ப மறந்தால்தான் பிரச்சினை என்றில்லை, கொஞ்சம் பிசகினாலும் சிலிண்டர் தன் பலனை இழக்கும். 10 பாகை தவறினால் சிலிண்டரின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சிதறல் மிஞ்சும். 30 பாகை தவறினால், திசை மாறினாலும் அளவில் முழுச் சிதறலும் அப்படியே நிற்கும், சிலிண்டரைப் போட்டதே வீண். அக்காவின் வலது கண்ணில் 10 பாகைப் பிழை அரை டயாப்டருக்கும் சற்றுக் கீழே, 0.43 டயாப்டர் சிதறலை விட்டுவைக்கும், எழுத்துகளின் ஓரம் லேசாகக் கலங்கித் தெரியும். இடது கண்ணில் சிலிண்டரே அரைதான் என்பதால் அதே 10 பாகையில் 0.17 டயாப்டர்தான் மிஞ்சும், அவள் கவனிக்கவே மாட்டாள். அதனால் அடுத்த சோதனையில் இடது அச்சு 170 என்பது 160 ஆனாலும் கவலை வேண்டாம். சிலிண்டர் பெரிதாகப் பெரிதாகத்தான் அச்சுக்கு மதிப்பு. சிலிண்டர் கட்டம் காலியாக இருந்தால் அச்சுக்கு வேலையே இல்லை, அந்தக் கட்டமும் காலியாகத்தான் இருக்க வேண்டும். சிலிண்டர் எழுதி அச்சு எழுதாமல் விட்டிருந்தால் அந்தச் சீட்டை வைத்துக் கண்ணாடி செய்ய முடியாது, எழுதியவரிடமே திரும்பப் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொன்று. சோதிக்கும் இடத்தில் ஒரு கருவியின் முன் தாடையை வைக்கச் சொல்லி, ஒரு படத்தைப் பார்க்கச் சொல்வார்கள். அது துப்பும் சின்னக் காகிதத்திலும் இதே மூன்று எண்கள், ஒரு கண்ணுக்குப் பல வரிசையாக இருக்கும். அது தொடக்கப் புள்ளி மட்டுமே. அதன்பிறகு லென்ஸ்களை மாற்றி மாற்றி ‘இதுவா, அதுவா’ என்று கேட்டு முடிவு செய்து எழுதித் தருவதுதான் சீட்டு. காகிதத்தையும் சீட்டையும் ஒப்பிட்டு, எண் மாறியிருக்கிறதே என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

நாற்பதைத் தாண்டியவர்களின் சீட்டில் ஏ.டி.டி. என்று ஒரு கட்டமும் இருக்கலாம். படிப்பதற்காக ஸ்பியரோடு கூட்ட வேண்டிய பிளஸ் அளவு அது. மைனஸ் 2 ஸ்பியரும் பிளஸ் ஒன்றரை ஏ.டி.டி.யும் இருந்தால் படிக்கும் பகுதியில் ஸ்பியர் மைனஸ் அரை. சிலிண்டரும் அச்சும் அங்கும் மாறாது.

கண்ணாடி வந்ததும் வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். சரியான எண்ணை இது தராது, அதற்கு லென்சோமீட்டர் என்ற கருவி வேண்டும். ஆனால் லென்ஸில் சிலிண்டர் இருக்கிறதா, அச்சு ஏறத்தாழ எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கண்ணாடியைக் கழற்றிக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு லென்ஸின் நடு வழியாகக் கதவு நிலையின் நேர் விளிம்பைப் பாருங்கள். இப்போது கண்ணாடியை வண்டிச் சக்கரம் போல மெல்லத் திருப்புங்கள். ஸ்பியர் மட்டும் உள்ள லென்ஸானால், எவ்வளவு திருப்பினாலும் உள்ளே தெரியும் விளிம்பு சாயாது. சிலிண்டர் இருந்தால், லென்ஸுக்குள் தெரியும் விளிம்பு மட்டும் கத்தரிக்கோல் விரிவது போலச் சாய்ந்து, வெளியே உள்ள கோட்டிலிருந்து விலகும். அது மறுபடி சேர்ந்து ஒரே நேர்கோடாக நிற்கும் இடத்தில், அந்தக் கோடு அச்சோடோ அச்சுக்குச் செங்குத்தாகவோ பொருந்தியிருக்கிறது.

கண்ணாடி தயாரானதும் அக்கா இதைச் செய்து பார்த்தாள். போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, கதவுக்கு எதிரே நின்றுகொண்டு சொல்லிக்கொண்டே வந்தாள். வலது லென்ஸை மட்டமாகப் பிடித்தபோது விளிம்பு உடையாமல் நேராக இருந்தது, கொஞ்சம் திருப்பியதும் சாய்ந்தது. அச்சு 180 என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். இடது லென்ஸை மட்டமாகப் பிடித்தபோது விளிம்பு ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. “இந்தப் பக்கம் துளி திருப்பினால் சேர்ந்துடுதுடா” என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். கடிகார முள் இரண்டு நிமிஷம் நகரும் அளவு என்றாள். நிமிஷத்துக்கு 6 பாகை, இரண்டு நிமிஷத்துக்கு 12. அவள் சீட்டில் இடது அச்சு 170, மட்டத்திலிருந்து 10 பாகை.